கொழும்பில் வேலை கிடைத்தவர் எச்.ஆரிடம் கேட்கவேண்டியவை

யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வவுனியாவிலோ ஹட்டனிலோ இருந்து கொழும்பு வேலைக்கு விண்ணப்பிப்பவரிடம், நேர்முகத் தேர்வின்போதே ஒரு கேள்வி வரும்: "கொழும்புக்கு வந்து இருப்பீங்களா?" எல்லோரும் "ஓம்" என்றுதான் சொல்வார்கள். அடுத்துக் கேட்கவேண்டியதைத்தான் பலர் கேட்பதில்லை. வெளியூரிலிருந்து வருகிறவருக்கு நிறுவனம் என்ன உதவி செய்யும்? இடமாற்றக் கொடுப்பனவு உண்டா? வீடு கிடைக்கும்வரை தங்க இடம் தருவார்களா? கேட்டால் வேலை கைநழுவிப் போய்விடுமோ என்ற பயம் ஒரு காரணம். என்ன கேட்பது என்று தெளிவாகத் தெரியாதது அதைவிடப் பெரிய காரணம்.

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது காரணத்தைப் பற்றியது. கொழும்புக்கு வரும் தமிழ் இளைஞர்களில் பலர் இடம் தேடுவது வெள்ளவத்தையில் அல்லது கொட்டாஞ்சேனையில். இந்த இரண்டு இடங்களிலும் குடியேற உண்மையில் எதற்குச் செலவாகிறது என்று பார்த்தால், நிறுவனத்திடம் கேட்கவேண்டியது என்ன என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் செலவைப் பார்ப்போம். இடமாற்ற உதவி என்றதும் பலருக்கும் லொறிக் கூலிதான் நினைவுக்கு வருகிறது. அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் குடும்பத்தோடும் தளபாடங்களோடும் மாற்றலாகிப் போகும்போது அது பெரிய செலவுதான். முதல் வேலைக்கு வருகிற பிள்ளைக்கு அப்படியல்ல. வெள்ளவத்தை காலி வீதிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ஒவ்வோர் இரவும் பஸ் ஓடுகிறது. இரண்டு பெட்டியும் ஒரு பையும் அந்தப் பஸ்ஸிலேயே வந்துவிடும். கொழும்பில் பணத்தை விழுங்குவது பயணமல்ல, வீட்டு முற்பணம்.

வெள்ளவத்தையில் ஓர் அனெக்ஸோ தொடர்மாடி வீடோ எடுக்கப் போனால், வீட்டுக்காரர் மூன்று மாத முற்பணம் கேட்கலாம், ஆறு மாதம் கேட்கலாம், சிலர் ஒரு வருடத்துக்கும் கேட்பார்கள். தரகர் மூலம் போனால் அவருக்கும் கொடுக்கவேண்டும். முதற்சம்பளம் வருவதற்கு முன்னரே இவை எல்லாவற்றையும் கட்டி முடிக்கவேண்டும் என்பதுதான் சிக்கல். மாதத் தொடக்கத்தில் வேலையில் சேர்ந்தவர் சம்பளத்தைக் காண மாதக் கடைசியாகும். நடு மாதத்தில் சேர்ந்தால், சம்பளப் பட்டியல் அதற்குள் முடிந்துவிட்டது என்று அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிடும் நிறுவனங்களும் உண்டு.

ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். தொகைகள் கணக்கை விளக்குவதற்காக எடுத்துக்கொண்டவை. யாழ்ப்பாணத்தில் படிப்பை முடித்த ஒருவருக்குக் கொழும்பில் மாதம் 130,000 ரூபா சம்பளத்தில் வேலை கிடைக்கிறது. அதில் அடிப்படைச் சம்பளம் 110,000, கொடுப்பனவு 20,000. வெள்ளவத்தையில் 70,000 ரூபா வாடகையில் ஓர் அனெக்ஸை நண்பர் ஒருவரோடு பங்கிட்டு எடுக்கிறார். ஆறு மாத முற்பணம் 420,000 ரூபா, இவருடைய பங்கு 210,000. தரகருக்கு ஒரு மாத வாடகை, அதில் இவர் பங்கு 35,000. மெத்தை, மின்விசிறி, காஸ் அடுப்பு, சில பாத்திரங்களுக்கு 40,000. பயணத்துக்கும் சாமான் ஏற்றவும் 10,000. முதற்சம்பளம் வரும்வரை சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் 35,000. எல்லாம் சேர்த்தால் 330,000 ரூபா. அதாவது, ஒரு ரூபாகூடச் சம்பாதிப்பதற்கு முன்னர், இரண்டரை மாதச் சம்பளம் கையில் இருக்கவேண்டும்.

இப்போது நிறுவனம், "இடமாற்ற உதவியாக 60,000 ரூபா தருவோம்" என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தத் தொகை, தகுதிகாண் காலமான ஆறு மாதம் முடிந்த பின்னர், பற்றுச்சீட்டுகளைக் காட்டினால் திருப்பித் தரப்படுவது என்று வைத்துக்கொள்வோம். பணம் தேவைப்படுவது முதல் வாரத்தில், வருவதோ ஏழாவது மாதத்தில். அதற்கிடையில் அம்மாவின் நகை அடகுக்குப் போயிருக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. இவருடைய செலவில் பெரும்பகுதி வீட்டு முற்பணம். வெள்ளவத்தை வீட்டுக்காரர் பலர் அதற்கு முறையான பற்றுச்சீட்டு எழுதிக் கொடுப்பதில்லை. தரகரும் அப்படித்தான். சீட்டு இல்லாத செலவை நிறுவனத்தின் கணக்குப் பிரிவு ஏற்காது. கடைசியில் 60,000 ரூபாவில் மெத்தைக்கும் பஸ்ஸுக்கும் உரிய கொஞ்சம்தான் கைக்கு வரும்.

ஆகவே "கொடுப்பனவு எவ்வளவு?" என்று மட்டும் கேட்பது போதாது. எந்த வடிவத்தில், எப்போது, எதைக் காட்டினால் என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும். நிறுவனங்கள் தரும் உதவியைப் பொதுவாக நான்கு வகையாகப் பிரிக்கலாம். ஒரே தடவையில் கையில் தரும் தொகை. செலவைச் செய்த பின்னர் பற்றுச்சீட்டுக்குத் திருப்பித் தருவது. மாதாமாதம் சம்பளத்தோடு சேரும் கொடுப்பனவு. பணமாகத் தராமல் தங்குமிடமாகவே தருவது. ஒவ்வொன்றிலும் கவனிக்கவேண்டியது வேறு.

மாதாந்தக் கொடுப்பனவு என்றால், அது ஊழியர் சேமலாப நிதிக்குக் கணக்கில் சேருமா என்று கேளுங்கள். இந்த நிதிக்கு ஊழியரின் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம் கட்டுகிறார். நம் எடுத்துக்காட்டில் 20,000 ரூபா கொடுப்பனவை நிறுவனம் இந்தக் கணக்கில் சேர்க்காவிட்டால், முதலாளியின் பக்கத்திலிருந்து மாதம் 3,000 ரூபா, வருடத்துக்கு 36,000 ரூபா இவருடைய பெயரில் விழாமல் போகும். வேறொரு நிறுவனம் 128,000 ரூபாவையும் அடிப்படைச் சம்பளமாகவே தர முன்வந்தால், காகிதத்தில் தொகை குறைந்தாலும் மொத்தத்தில் அதுவே மேல்.

வரியைப் பற்றியும் ஒரு சொல். வீட்டுக் கொடுப்பனவும், நிறுவனம் தரும் வீடும், வருமான வரிச் சட்டத்தின்படி ஊழியரின் வருமானத்தில் சேரும். 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரையான வருமானத்துக்கு வரி இல்லை. மாதத்துக்குப் பிரித்தால் 150,000. நம் இளைஞரின் ஆண்டு வருமானம் 15 இலட்சத்து 60 ஆயிரம். 60,000 ரூபா உதவியைச் சேர்த்தாலும் வரம்புக்குள்தான். மாதம் ஒன்றரை இலட்சத்தைத் தாண்டும் சம்பளக்காரர் மட்டும், சொல்லப்படும் தொகை வரி கழிக்க முன்னரா பின்னரா என்று கேட்டுக்கொள்ளவேண்டும்.

தங்குமிடம் என்றால் கேள்விகள் கூடும். எத்தனை நாள்? வேலையில் சேரும் நாளிலிருந்தா, இரண்டு நாள் முன்னரேயா? தனி அறையா, இன்னொருவரோடு பங்கா? பெண் பிள்ளை என்றால் அந்த இடம் பெண்களுக்கு மட்டுமானதா? சமைக்க இடமுண்டா, இல்லாவிட்டால் சாப்பாட்டுச் செலவு யாருடையது? அலுவலகத்திலிருந்து எவ்வளவு தூரம்? சொன்ன நாட்களுக்குள் வீடு கிடைக்காவிட்டால் நீட்டிப்பார்களா, நீட்டினால் அந்தச் செலவு யாருக்கு? இவற்றை முன்னரே கேட்காதவர், கடைசி நாள் மாலையில் பெட்டியோடு வெளியே வந்து, கிடைத்த அறையைக் கேட்ட விலைக்கு எடுக்கவேண்டி வரும்.

தற்காலிகத் தங்குமிடத்தின் உண்மையான பயன் இலவசமாகப் படுத்துறங்குவதல்ல. அவசரமில்லாமல் வீடு பார்க்க அது நேரம் தருகிறது. ஊரிலிருந்துகொண்டு தொலைபேசிப் படங்களைப் பார்த்து முற்பணம் அனுப்பியவருக்கு, மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறாததும், படுக்கை அறைச் சுவரை ஒட்டிக் கட்டட வேலை நடப்பதும், இரவு பத்து மணிக்கு வீட்டுக்காரர் கேற்றைப் பூட்டுவதும் வந்து இறங்கிய பின்னர்தான் தெரியும். முற்பணத்தைக் கொடுத்துவிட்டால் அதைத் திருப்பி எடுப்பது கடினம். மூன்று வாரம் தங்க இடம் கிடைத்தால், வீட்டை ஒரு வேலை நாள் மாலையிலும் ஒரு ஞாயிறு காலையிலும் போய்ப் பார்க்கலாம். கொடுக்கும் முற்பணம் மாதாமாதம் வாடகையில் கழியுமா, பாதிதான் கழியுமா, அல்லது வெளியேறும்போது திருப்பித் தருவதற்காக அப்படியே வைத்திருப்பார்களா என்பதையும் பேசி எழுத்தில் வாங்கலாம். முழுவதும் கழியும் என்றால் முதல் ஆறு மாதம் வாடகை இல்லை. கழியாது என்றால் அதே 210,000 ரூபாவைக் கட்டிவிட்டு, மாதாமாதம் 35,000 ரூபாவும் தேடவேண்டும். இரண்டையும் "ஆறு மாத அட்வான்ஸ்" என்ற ஒரே பேச்சில் சொல்வார்கள்.

இந்த இடத்தில்தான், எச்.ஆரிடம் கேட்கக்கூடியவற்றுள் மிகப் பயனுள்ளது எது என்பது தெளிவாகிறது. அது கொடையல்ல, வட்டியில்லாத சம்பள முற்பணம். நம் இளைஞர் 60,000 ரூபாவுக்குப் பதிலாக, வேலையில் சேரும் வாரத்தில் 200,000 ரூபாவை முற்பணமாகக் கேட்கிறார் என்று வைப்போம். மாதம் 20,000 வீதம் பத்து மாதம் சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம். அடிப்படைச் சம்பளத்தில் 8 வீதம் சேமலாப நிதிக்குப் போக, இவர் கைக்கு வருவது ஏறக்குறைய 121,000. அதில் 20,000 கழிந்தால் 101,000. முற்பணம் வாடகையில் கழியாத வீடாக இருந்து, 35,000 ரூபா வாடகை கட்டினாலும் 66,000 மிஞ்சும். சிக்கனமாக இருந்தால் வாழலாம், நகையும் வீட்டிலேயே இருக்கும்.

நிறுவனத்துக்கு இதனால் என்ன நட்டம்? கடன் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டுக்குப் பத்து வீத வட்டி என்று கணக்கிட்டாலும் பத்து மாதத்துக்கு ஏறக்குறைய 9,000 ரூபாதான். 60,000 ரூபா கொடுக்கத் தயாராக இருந்த நிறுவனத்துக்கு இது மலிவு. வருகிறவருக்கோ அந்த 60,000 ரூபாவைவிட இது பெரிய உதவி. எச்.ஆர். அலுவலர் மேலிடத்தில் அனுமதி கேட்கும்போது இந்தக் கணக்கு அவருக்கும் கை கொடுக்கும். கொடுப்பனவுக்கு வரவுசெலவில் இடமில்லை என்று மறுக்கும் நிறுவனம்கூட, ஏற்கெனவே ஊழியர்களுக்குக் கடன் கொடுக்கும் திட்டத்தை வைத்திருந்தால் இதற்கு இணங்கலாம். ஆனால் பல இடங்களில் அந்தத் திட்டம் தகுதிகாண் காலம் முடிந்தவர்களுக்கு மட்டுமே. எனவே "ஊழியர் கடன் உண்டா?" என்று கேட்டு நின்றுவிடாமல், "சேரும் மாதத்திலேயே கிடைக்குமா?" என்றும் கேட்கவேண்டும்.

பணமே செலவாகாத இரண்டு உதவிகளும் உண்டு. ஒன்று, முதல் சில வாரம் ஊரிலிருந்தே வேலை செய்ய அனுமதி. மென்பொருள், கணக்கியல் போன்ற வேலைகளில் இது நடக்கக்கூடியதுதான். முதற்சம்பளம் வந்த பின்னர் வீடு எடுக்கலாம். மற்றையது, வேலையில் சேருமுன்னரே ஒரு வேலைவாய்ப்புக் கடிதம். இதன் பெறுமதியை உணரக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்கவேண்டும். போர்க்காலத்தில் வடக்கு கிழக்கிலிருந்து வந்தவர்களுக்கு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்த லொட்ஜ்களே தற்காலிக வீடு. 2007 ஜூன் 7 அன்று, கொழும்பில் தங்குவதற்குத் தகுந்த காரணம் இல்லை என்று சொல்லி, லொட்ஜ்களில் இருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி நகரைவிட்டு அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. அந்தக் காலம் போய்விட்டது. ஆனால் புதிதாக வருகிறவர் யார், எங்கே வேலை என்று காகிதத்தில் காட்டச் சொல்லும் பழக்கம் வீட்டுக்காரர்களிடம் இருக்கிறது. அடையாள அட்டைப் பிரதியோடு நிறுவனத்தின் கடிதமும் இருந்தால், பல கதவுகள் எளிதாகத் திறக்கும். ஒரு கடிதம் எழுதித் தர நிறுவனத்துக்கு ஒரு செலவும் இல்லை.

எந்தப் பகுதியில் தேடுவது என்பதற்கும் எச்.ஆரிடமிருந்து ஒரு தகவல் வேண்டும்: வேலை செய்யப்போவது எந்தக் கட்டடத்தில்? "கொழும்பு அலுவலகம்" என்பது கோட்டையிலும் இருக்கலாம், தெமட்டகொடையிலும் இருக்கலாம், ராஜகிரியவிலும் மாலபேயிலும் இருக்கலாம். கோட்டை, புறக்கோட்டை, துறைமுகப் பக்கம் என்றால் கொட்டாஞ்சேனை கிட்ட. காலி வீதியை ஒட்டிய கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி அலுவலகங்களுக்கு வெள்ளவத்தை வசதி, கரையோர ரயிலும் உண்டு. மாலபே என்றால் இரண்டுமே தூரம். தமிழ்ச் சாப்பாடும் கோயிலும் அருகில் இருக்கவேண்டும் என்று வெள்ளவத்தையில் வீடெடுத்து, ஒவ்வொரு நாளும் பஸ் மாறி மாறி மாலபேக்குப் போனால் உடலும் பணமும் தேயும். ஆறு மாத முற்பணம் கட்டிய பின்னர் அலுவலகத்தை மாற்றினால் இன்னும் மோசம். எனவே வேலையிடம் எது, அது மாற வாய்ப்புண்டா, வாரத்துக்கு எத்தனை நாள் வரவேண்டும் என்பவையும் இடமாற்றக் கேள்விகளே.

யாரிடம், எப்போது கேட்பது? இடையில் ஆட்சேர்ப்பு முகவர் இருந்தால், அவர் கேள்வியைக் கொண்டுபோகலாம், ஆனால் வாக்குக் கொடுக்கும் அதிகாரம் நிறுவனத்துக்குத்தான். "அதெல்லாம் தருவாங்க" என்று முகவர் தொலைபேசியில் சொன்னது, நியமனக் கடிதத்தில் இல்லையென்றால் இல்லாததுதான். நேர்முகத் தேர்வில் "வந்து இருப்பீங்களா?" என்று அவர்களே கேட்கும்போது, "வருவேன். வெளியூர் ஆக்களுக்கு உங்கட நிறுவனத்தில வழமையா என்ன ஏற்பாடு?" என்று ஒரு வரி கேட்டு வைக்கலாம். விரிவாகப் பேசவேண்டியது, வேலை தருகிறோம் என்று சொன்ன பின்னரும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னரும் உள்ள சில நாட்களில். நிறுவனம் ஆளைத் தெரிவு செய்துவிட்டது, ஆளோ இன்னும் ஒப்பவில்லை. பேசுவதற்கு ஏற்ற நேரம் அதுதான்.

எழுதும் கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. அலுவலகம் எந்த மொழியில் இயங்குகிறதோ அந்த மொழியில், இந்த அளவு போதும்: "நியமனத்துக்கு மிக்க நன்றி. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேரவேண்டியிருப்பதால் சில விவரங்கள் அறிய விரும்புகிறேன். இடமாற்றக் கொடுப்பனவு உண்டாயின், எவ்வளவு, எப்போது, எவ்வாறு வழங்கப்படும்? வீடு கிடைக்கும்வரை தற்காலிகத் தங்குமிடம் ஏற்பாடு செய்ய முடியுமா, எத்தனை நாளுக்கு? வீட்டு முற்பணத்துக்காகச் சேரும் மாதத்தில் 200,000 ரூபா சம்பள முற்பணம் பெற்று, பத்து மாதத்தில் திருப்பிச் செலுத்த வாய்ப்புண்டா? உங்கள் பதிலைக் கண்டு, சேரும் நாளை உறுதி செய்கிறேன்." இதில் யாரும் குறைகாண எதுவுமில்லை. எவ்வளவு வேண்டும், எதற்கு வேண்டும், எப்படித் திருப்பித் தருவேன் என்று தெளிவாகச் சொல்லும் கடிதத்துக்கு எச்.ஆர். அலுவலரும் தெளிவாகப் பதில் சொல்ல முடியும்.

ஒரு பதில் மட்டும் அடிக்கடி வரும்: "உங்களுக்கு வெள்ளவத்தையில ஆக்கள் இருப்பினம்தானே?" இருக்கலாம். மாமி வீட்டின் முன்னறையில் பாய் விரித்துப் படுத்து வேலையைத் தொடங்கியவர்கள் ஏராளம். ஆனால் அந்த மாமியின் வாடகையும், தண்ணீர்க் கட்டணமும், மூன்று வேளைச் சாப்பாடும் நிறுவனத்துக்குப் பதிலாக அவர் சுமக்கும் செலவுகள்தான். "ஒரு வாரம் இருக்கலாம், அதுக்குப் பிறகு தனியா எடுக்கத்தான் வேணும்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். உறவினர் இருக்கிறார்கள் என்பதற்காக, மற்றவர்களுக்குக் கொடுப்பதை உங்களுக்குக் கொடுக்காமல் விடுவது நியாயமல்ல.

இணங்கிய பின்னர், கையெழுத்துக்கு முன், ஒரு வாசகத்தைத் தேடிப் பாருங்கள்: இடையில் விலகினால் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்ற நிபந்தனை. அது இருப்பதில் தவறில்லை, அளவுதான் முக்கியம். பன்னிரண்டு மாதத்துக்குள் விலகினால் 60,000 ரூபாவையும் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று எழுதியிருந்தால், ஒன்பது மாதம் உழைத்தவரும் முழுவதையும் கொடுக்கவேண்டும். மாதத்துக்கு மாதம் குறையும் என்று எழுதச் செய்தால் 15,000 போதும். அதைவிட முக்கியமாக, நிறுவனமே தகுதிகாண் காலத்தில் வேலையிலிருந்து நிறுத்தினாலும் இந்த நிபந்தனை பொருந்துமா என்று கேளுங்கள். ஊரை விட்டு வந்து, முற்பணம் கட்டி, வேலையும் போன ஒருவரிடம் இடமாற்றப் பணத்தையும் திருப்பிக் கேட்பது கொடுமை. தானாக விலகினால் மட்டும் என்ற சொற்களைச் சேர்க்கச் சொல்லலாம். பெரும்பாலான நிறுவனங்கள் அதற்காக ஓர் ஊழியரை இழக்க விரும்பமாட்டா.

எழுத்தில் கேட்பது அவநம்பிக்கையின் அடையாளமல்ல. கடைகள் மற்றும் அலுவலகங்களில் வேலை செய்வோருக்கான 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், வேலையின் விவரங்களை ஊழியருக்கு எழுத்தில் கொடுக்கும்படி முதலாளியைக் கேட்கிறது. இடமாற்ற உதவி கொடுத்தே ஆகவேண்டும் என்று சொல்லும் சட்டம் தனியார் துறைக்கு இல்லை. அது முற்றிலும் பேசி இணங்குவது, ஆகவே எழுத்தில் இல்லாவிட்டால் பின்னர் காட்ட ஒன்றும் இருக்காது.

நிறுவனங்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். கொழும்பில் வீடுள்ளவரும் ஊரிலிருந்து வருகிறவரும் ஒரே சம்பளத்தில் ஒரே நாளில் சேர்ந்தாலும், பின்னவர் இரண்டரை மாதச் சம்பளக் கடனோடு தொடங்குகிறார். அந்தப் பணத்தைத் திரட்ட முடியாமல் வேலையை ஏற்காமலே விட்டவர்களை எந்தப் புள்ளிவிவரமும் காட்டுவதில்லை. சேரும் வாரத்தில் வட்டியில்லாத முற்பணம், மூன்று வாரத் தங்குமிடம், ஒரு கடிதம் ஆகிய மூன்றையும் கேட்காமலே நியமனக் கடிதத்தில் எழுதிவிடுங்கள். வேலை தேடுகிறவர்களே, அவர்கள் எழுதும்வரை நீங்கள் கேளுங்கள்: எவ்வளவு, எப்போது, எதைக் காட்டி, விலகினால் என்ன. இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் வந்த பின்னர் கையெழுத்துப் போடுங்கள்.